ஹால் டிக்கெட்டில் ஏன் வேறு எண்? நீட் எழுதிய மகளின் மூன்று எண்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் பினாங்கு பாயான் லெப்பாஸில் இருக்கும் குடும்பம், இந்தியக் கடப்பிதழ்காரர்கள். என் மகள் 2025 மே 4 அன்று கோலாலம்பூரில் நீட் தேர்வு எழுதினாள். பிப்ரவரியில் விண்ணப்பித்தபோது 12 இலக்கத்தில் ஓர் எண் கொடுத்தார்கள். ஏப்ரலில் வந்த நகரச் சீட்டிலும் அதே எண்தான். ஹால் டிக்கெட் வந்தபோது பார்த்தால், ரோல் எண் என்று 10 இலக்கத்தில் சம்பந்தமே இல்லாத வேறொரு எண். வேறு யாருடைய ஹால் டிக்கெட்டோ என்று அன்று இரவு யாரும் தூங்கவில்லை. இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. முதலில் ஒரு மின்னஞ்சலில் விண்ணப்பத்தைத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டது. பிறகு வேறு மின்னஞ்சலில் மறுபடி தொடங்கினோம், அதற்கு வேறு 12 இலக்க எண். ஆக என் கையில் மூன்று எண்கள் இருக்கின்றன. எது மகளுடையது? ஏன் நடுவில் மாற்றுகிறார்கள்? முடிவு பார்க்க எதைப் போடுவது?

— ஒரு தந்தை, பாயான் லெப்பாஸ்

பதில்: அன்புள்ள ஐயா,

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், மூன்றில் இரண்டு உங்கள் மகளுடையவை. ஒன்று பிறந்த இடத்திலேயே நின்றுபோன எண். எது எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, வீட்டில் இருக்கும் இரண்டு தாள்களே சொல்லிவிடும். அதற்குப் பிறகு வருகிறேன். ஏன் இரண்டு எண் என்பது புரிந்துவிட்டால் அந்தச் சோதனையும் தானாகவே விளங்கிவிடும்.

நான் ஓர் இடைநிலைப்பள்ளியில் பல ஆண்டுகள் தேர்வுச் செயலராக இருந்தவன். எஸ்.பி.எம் எழுதும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் வந்து நான் பார்த்ததில்லை. காரணம், அவர்களுக்கு ஏற்கெனவே அடையாள அட்டை எண் இருக்கிறது. அது ஆள் யார் என்று சொல்லும். தேர்வுக்கென்று ‘அங்கா கிலிரான்’ என்ற எண்ணைத் தனியாகக் கொடுப்பார்கள். மலாயில் ‘கிலிரான்’ என்றால் முறை, வரிசையில் நமக்கு வரும் முறை. அந்த எண்ணின் முன்பகுதி எந்த மையம் என்று சொல்லும், கடைசி இலக்கங்கள் அந்த மையத்தில் எத்தனையாவது ஆள் என்று சொல்லும். எஸ்.பி.எம் முடிவைக் குறுஞ்செய்தியில் கேட்கும்போதுகூட, அடையாள அட்டை எண்ணையும் அங்கா கிலிரானையும் இரண்டையும் சேர்த்துத்தான் அனுப்பச் சொல்வார்கள். ஒன்று ஆளுக்கு, ஒன்று இருக்கைக்கு.

நீட் தேர்விலும் நடப்பது இதேதான். பெயர்கள்தான் வேறு. விண்ணப்ப எண் ஆளுக்கு, ரோல் எண் இருக்கைக்கு. ஆகவே எண் ‘மாறியது’ என்பதே சரியான சொல் இல்லை. முதல் எண் அப்படியே இருக்கிறது, அதன் பக்கத்தில் இரண்டாவது ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் விண்ணப்ப எண் எந்த நேரத்தில் பிறக்கிறது என்று பாருங்கள். `neet.nta.nic.in` தளத்தில் பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல், கைப்பேசி எண் கொடுத்துப் பதிவு செய்கிறீர்கள். அந்த முதல் கட்டம் முடிந்தவுடன் 12 இலக்க எண் வந்துவிடுகிறது. அந்த நிமிடத்தில் உங்கள் மகளைப் பற்றித் தேசியத் தேர்வு முகமைக்கு என்ன தெரியும்? புகைப்படம் ஏற்றப்படவில்லை. எந்த நகரம் என்று சொல்லவில்லை. கட்டணம் கட்டவில்லை. கட்டுவார்களா என்றும் தெரியாது. யாரோ ஒருவர் ஒரு கோப்பைத் திறந்திருக்கிறார், அவ்வளவுதான். அந்தக் கோப்பின் முதுகில் ஒட்டிய எண்தான் இது. முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள், ஆண்டு தெரியும். 2025-இல் விண்ணப்பித்தவருக்கு 25.

கோப்பு எண் என்பதால் உள்ளே இருப்பது மாறினாலும் அது மாறாது. மார்ச் 7-ஆம் தேதி விண்ணப்பம் மூடியது. 9 முதல் 11 வரை திருத்தத்துக்கு நாள் கொடுத்தார்கள். அப்போது யார் எதைத் திருத்தியிருந்தாலும் எண் அதேதான். தொடங்கிவிட்டுக் கைவிட்டவர்களின் எண்கள் நடுவில் ஓட்டையாக நின்றாலும் கவலையில்லை. அந்த எண்ணை நம்பி எந்த நாற்காலியும் போடப்படவில்லை.

ரோல் எண்ணின் கதை நேர் எதிர். நாற்காலி எங்கே என்று முடிவான பிறகுதான் அது பிறக்கவே முடியும். அதற்கு விண்ணப்பம் மூடியிருக்க வேண்டும், பணம் கட்டியவர்கள் யார் என்று பிரித்திருக்க வேண்டும், திருத்தம் முடிந்திருக்க வேண்டும், ஒவ்வொரு நகரத்துக்கும் எத்தனை பேர் என்று கணக்கு வந்திருக்க வேண்டும், அந்த நகரத்தில் எந்தெந்தக் கட்டடம் கிடைக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அப்புறம்தான் ஒவ்வொரு மையத்துக்கும் ஆட்களை வரிசையாக அடுக்கி எண் போடுவார்கள். 2025-இல் ஹால் டிக்கெட் ஏப்ரல் 30 அன்று வந்தது, தேர்வு மே 4. ரோல் எண் உங்கள் கைக்கு வந்தது தேர்வுக்கு நான்கே நாள் முன்பு. நீங்கள் அதைப் பார்த்துத் திடுக்கிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். பிப்ரவரியிலிருந்து ஒரே எண்ணைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கடைசி வாரத்தில் புதிதாக ஒன்று வந்து நின்றால் அப்படித்தான் இருக்கும்.

நடுவில் ஏப்ரல் 23 அன்று வந்த நகரச் சீட்டில் ஏன் பழைய எண் மட்டும் இருந்தது என்பதும் இதோடு விளங்கிவிடும். அது எந்த நகரம் என்று மட்டும் சொல்லும் தாள். நீங்கள் பட்டர்வொர்த்தில் ரயில் டிக்கெட் எடுக்கவும், கோலாலம்பூரில் தங்க இடம் பார்க்கவும் அது போதும். எந்தக் கட்டடம் என்று அந்தத் தாள் சொல்லாது. கட்டடம் சொல்லாத தாளில் ரோல் எண் இருக்க வழியில்லை. அந்தச் சீட்டே ஹால் டிக்கெட் என்று நினைத்து அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தாளில் ரோல் எண் இல்லையென்றால் அது ஹால் டிக்கெட் இல்லை.

சரி, அந்த 10 இலக்கத்துக்குள் என்ன இருக்கிறது? உங்கள் மகளின் எண்ணை இங்கே போடக் கூடாது என்பதால் ஒரு கற்பனை எண்ணை எடுத்துக்கொள்கிறேன்:

```
9999010037
```

இதை நான்கு, இரண்டு, நான்கு என்று உடைத்துப் படியுங்கள். முதல் நான்கு இலக்கம், 9999, நகரத்தின் குறியீடு. அடுத்த இரண்டு, 01, அந்த நகரத்தில் எத்தனையாவது மையம் என்பது. கடைசி நான்கு, 0037, அந்த மையத்தில் 37-ஆவது ஆள். முதல் ஆறு இலக்கத்தையும் சேர்த்தால் 999901. அதுதான் மைய எண். உங்கள் மகளின் ஹால் டிக்கெட்டிலும் தேர்வு மையத்தின் எண் தனியாக அச்சாகியிருக்கும். ரோல் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை விரலால் மறைத்துக்கொண்டு, மீதியை அந்த மைய எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் பொருந்தும். அன்று இரவு இது தெரிந்திருந்தால், ‘சம்பந்தமே இல்லாத எண்’ என்று தோன்றியிருக்காது. சம்பந்தம் இருக்கிறது, ஆனால் உங்கள் விண்ணப்பத்தோடு இல்லை, கட்டடத்தோடு.

இந்த வரிசையை வைத்துத்தான் மற்ற எல்லாம் நடக்கிறது. நீட் தேர்வில் வழக்கமாக ஓர் அறைக்கு 24 பேர். அந்தக் கணக்கில் நம் 37-ஆவது ஆள் இரண்டாவது அறையில் 13-ஆவது இருக்கைக்குப் போவார். வருகைத் தாள் அந்த வரிசையில் அச்சாகும், விடைத்தாள்கள் அந்த வரிசையில் அடுக்கப்படும். கண்காணிப்பாளர் கடைசியில் எண்ணிப் பார்க்கும்போது ஒன்று குறைந்தால் எந்த இருக்கை என்று உடனே தெரிய வேண்டும். (இப்படிக் கணக்குப் போட்டு அறையைத் தேடிப் போகாதீர்கள். அறைப் பட்டியல் மையத்தில் ஒட்டியிருக்கும், அதுதான் பேச்சு.)

இந்த எண்ணை முன்கூட்டியே கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நானே ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொண்டேன். பள்ளியில் முன்தேர்வுக்கு, வேலை முடியட்டும் என்று ஜனவரியிலேயே மாணவர்களுக்கு வரிசை எண் போட்டுப் பட்டியலை ஒட்டிவிட்டேன். தேர்வு வருவதற்குள் ஏழு பேர் வேறு பள்ளிக்கு மாறிப் போய்விட்டார்கள், புதிதாக நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். போனவர்களின் எண் காலியாக நின்றது, வந்தவர்களின் எண் பட்டியலின் வாலில் தொங்கியது. முதல் தாள் முடிந்து விடைத்தாள்களை எண்ணிய ஆசிரியை, நடுவில் இரண்டு எண் இல்லாததைப் பார்த்து விடைத்தாள் காணாமல் போய்விட்டது என்று பதறிவிட்டார். நாற்பது நிமிடம் அந்த அறையில் மேசை மேசையாகத் தேடினோம். இல்லாத ஆளின் தாளை எங்கே தேடுவது? முந்நூறு பேர் இருக்கும் பள்ளியில் இது நடந்தது. 2025 நீட் தேர்வை எழுதியவர்கள் 22,09,318 பேர். பிப்ரவரியில் பதிவு செய்த வரிசையிலேயே ரோல் எண் கொடுத்திருந்தால், மதுரையில் ஒரே அறையில் உட்காருகிறவர்களின் எண்களுக்கு நடுவே டெல்லிக்காரரும் துபாய்க்காரரும் பணம் கட்டாதவரும் சிதறிக் கிடந்திருப்பார்கள்.

இப்போது உங்கள் மூன்று எண்களுக்கு வருவோம். பணம் கட்டி முடித்த விண்ணப்பத்துக்கு மட்டும்தான் உறுதிப்பக்கம் என்ற தாள் உருவாகும். பாதியில் நின்றதற்கு அது வராது. ஆகவே முதல் வேலை, அந்த உறுதிப்பக்கத்தை எடுங்கள். அதில் இருக்கும் 12 இலக்க எண்தான் உயிருள்ள எண். இரண்டாவது, ஹால் டிக்கெட்டை அதன் பக்கத்தில் வையுங்கள். ஹால் டிக்கெட்டில் ரோல் எண் பெரிதாகக் கண்ணில் படும், ஆனால் அதே தாளில் விண்ணப்ப எண்ணும் அச்சாகியிருக்கும். அன்று பதற்றத்தில் அதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். இரண்டு தாளிலும் விண்ணப்ப எண் ஒன்றேயானால் ஹால் டிக்கெட் உங்கள் மகளுடையதுதான். ரோல் எண் எதுவாக இருந்தாலும் சரி. இந்த இரண்டு எண்களையும் ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் முதல் தாள் ஹால் டிக்கெட், அதனால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேர்வு முடிந்த அன்றே ரயிலில் விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு.

மீதமிருக்கும் 12 இலக்க எண், முதல் மின்னஞ்சலில் தொடங்கியது, அதற்குப் பணம் போகவில்லையென்றால் அது வெறும் கோப்பு எண்ணாக நின்றுவிட்டது. ஒரு கோடு போட்டு அடித்துவிடுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மையத்துக்கு 2025-இல் கட்டணம் 9,500 ரூபாய். உங்கள் வங்கிக் கணக்கில் அந்தத் தொகை எத்தனை தடவை போயிருக்கிறது என்று பாருங்கள். ஒரு தடவை என்றால் விஷயம் முடிந்தது. இரண்டு தடவை போய், ஒன்று திரும்பி வந்திருந்தாலும் பிரச்சினையில்லை. நடுவில் அறுந்த பணப் பரிமாற்றம் அப்படித் திரும்பும்.

இரண்டு தடவை போய், திரும்பாமல், இரண்டு உறுதிப்பக்கமும் கையில் இருந்தால்தான் சங்கடம். ஒருவர் ஒரு விண்ணப்பம்தான் போடலாம் என்று முகமையின் தகவல் கையேட்டில் தெளிவாக இருக்கிறது. மீறினால் முறைகேடு என்று எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. அப்படி இருந்தால் இரண்டு எண்களையும், எப்படி நேர்ந்தது என்பதையும், எந்த ஹால் டிக்கெட்டில் தேர்வு எழுதினாள் என்பதையும் எழுதி, கையேட்டில் இருக்கும் உதவி மின்னஞ்சலுக்கு இன்றே அனுப்புங்கள். முடிவு வரும்வரை காத்திருப்பது நல்லதல்ல. உங்கள் கடிதத்தைப் படித்தால் அந்த நிலை இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ‘பாதியில் நின்றது’ என்கிறீர்கள்.

தேர்வு அறையில் அவள் எதை எழுதினாள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் கேட்பேன். ஓ.எம்.ஆர் தாளில் கேட்பது ரோல் எண்ணை. விண்ணப்ப எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பிள்ளை, கை போகும் வேகத்தில் அதையே எழுதத் தொடங்கிவிடும். பத்துக் கட்டம் நிரம்பிய பிறகு கையில் இன்னும் இரண்டு இலக்கம் மிஞ்சும்போதுதான் மண்டையில் உறைக்கும். அந்த இடத்தில் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டால் வழி உண்டு. பயந்து மறைத்தால்தான் வம்பு. ஜூன் 3 அன்று உத்தேச விடைகளோடு ஓ.எம்.ஆர் தாளின் படத்தையும் தளத்தில் போட்டார்கள். அதைப் பதிவிறக்கி வைத்திருந்தால், ஹால் டிக்கெட்டை அருகில் வைத்துப் பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் மூன்று தாள்களும் சங்கிலிபோல் கோத்துக்கொண்டன என்று பொருள்: உறுதிப்பக்கத்தையும் ஹால் டிக்கெட்டையும் விண்ணப்ப எண் கட்டுகிறது, ஹால் டிக்கெட்டையும் விடைத்தாளையும் ரோல் எண் கட்டுகிறது. பொருந்தாவிட்டால் அந்தப் படத்தையே இணைத்து முகமைக்கு எழுத வேண்டும்.

முடிவு பார்க்க எதைப் போடுவது என்றால், விண்ணப்ப எண்ணையும் பிறந்த தேதியையும்தான். திரையில் `Application Number` என்று இருக்கும் கட்டத்தில் அந்த 12 இலக்கம். தேர்வு முடிந்த பிறகும் ரோல் எண் வேண்டாம், பழைய எண்தான் வேண்டும் என்பது பலருக்கு வேடிக்கையாக இருக்கும். யோசித்தால் இயல்புதான். ஹால் டிக்கெட் பதிவிறக்குவது, விடையை ஆட்சேபிப்பது, முடிவு பார்ப்பது எல்லாம் உங்கள் கோப்புக்குள் நுழைந்து செய்யும் வேலைகள். ஹால் டிக்கெட்டை எடுக்க ரோல் எண்ணைக் கேட்டால் என்ன ஆகும்? அந்த எண்ணே அந்தத் தாளுக்குள்தானே இருக்கிறது.

இதற்கு அடுத்த கட்டத்தில் ரோல் எண்ணுக்கு மறுபடி வேலை வருகிறது. மருத்துவக் கலந்தாய்வுக் குழுவின் தளம், `mcc.nic.in`, வேறோர் அலுவலகம். அங்கே பதிவு செய்யும்போது நீட் ரோல் எண், விண்ணப்ப எண், பெயர், தாயார் பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் கேட்பார்கள். ஒன்று பிசகினாலும் உள்ளே விடாது. ஆகவே இப்போதைக்கு இரண்டு எண்ணும் வேண்டும். மதிப்பெண் அட்டையிலும் இரண்டும் இருக்கும். தமிழ்நாட்டு மாநிலக் கலந்தாய்வுக்குத் தனியாக விண்ணப்பிப்பதாக இருந்தால், அங்கே புதிதாக இன்னொரு விண்ணப்ப எண் கிடைக்கும். அப்போது மறுபடி தூக்கம் கெட வேண்டாம். அது அந்த அலுவலகம் திறக்கும் புதிய கோப்பு, நீட் எண்களை அது தொடுவதில்லை.

இன்னும் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் மகள் இங்கே மத்திய கல்வி வாரியப் பாடத்திட்டத்தில் படித்தவளாக இருந்தால், 12-ஆம் வகுப்பு ஹால் டிக்கெட்டிலும் ரோல் எண் என்றுதான் போட்டிருக்கும். அது 8 இலக்கம். 10-ஆம் வகுப்புக்கு இருந்தது வேறொரு 8 இலக்கம். படிவத்தில் வெறுமனே ‘ரோல் எண்’ என்று கேட்டால் எந்தத் தேர்வின் ரோல் எண் என்று பக்கத்து வரிகளைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எண்ணிப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்: 12 இலக்கம் நீட் விண்ணப்பம், 10 இலக்கம் நீட் ரோல், 8 இலக்கம் வாரியத் தேர்வு. நீட் தேர்வை அடுத்த ஆண்டு மறுபடி எழுதினால் விண்ணப்ப எண்ணும் புதிது, ரோல் எண்ணும் புதிது. பழைய ஆண்டின் எண்ணை வைத்து உள்ளே நுழைய முயன்று, தளம் வேலை செய்யவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் பலர். முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்தாலே ஆண்டு தெரிந்துவிடும்.

எல்லாத் தேர்விலும் ஒரே ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் முதல்நிலைக்குக் கொடுத்த ரோல் எண்ணே முதன்மைத் தேர்வுக்கும் தொடர்கிறது. அங்கே ரோல் எண்ணுக்கு ஆள் எண்ணின் வேலையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். நீட் ஒரே நாளில் முடியும் தேர்வு என்பதால் எண்ணுக்குள் கட்டடத்தையே எழுதிவைக்க முடிகிறது.

அப்படிக் கட்டடம் எழுதியிருப்பதால் ஒரு பக்கவிளைவும் உண்டு. ரோல் எண்ணைப் பார்த்தவருக்கு நீங்கள் எந்த ஊரில் எந்த மையத்தில் எழுதினீர்கள் என்பது தெரிந்துவிடும். 2024 ஜூலையில் மையவாரியாக எல்லா மதிப்பெண்களையும் வெளியிடும்படி இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னபோது, மாணவர் யார் என்பதை மறைத்தே வெளியிட வேண்டும் என்றது. முகமையும் ரோல் எண்ணைப் போடாமல் ஒன்று, இரண்டு என்று வெறும் வரிசை எண்ணோடு வெளியிட்டது. விண்ணப்ப எண்ணோ இன்னும் ஆபத்து. அதோடு பிறந்த தேதி தெரிந்தால் யார் வேண்டுமானாலும் மதிப்பெண்ணைப் பார்த்துவிடலாம். உறுதிப்பக்கத்தில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, ‘பாப்பாவுக்கு ஆசி கூறுங்கள்’ என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் மகள் பார்ப்பதற்கு முன்னால் ஈப்போவில் இருக்கும் சித்தப்பா முடிவைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

கையேட்டில் முடிவு 2025 ஜூன் 14 என்று போட்டிருந்தார்கள். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். உதவி எண்ணை அழைப்பதானால் நம் கடிகாரத்தில் பகல் 12.30 ஆன பிறகு அழையுங்கள், அங்கே அப்போதுதான் காலை 10 மணி. அழைத்தவுடன் விண்ணப்ப எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள், உறுதிப்பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.